மாப்ளே, அது பாப்பா பணம்

வாங்க மாப்ளே, திண்ணையில உட்காருங்க. பாப்பா காதுகுத்துக்கு வந்த மொய் எவ்வளவுன்னு ஊருக்கே தெரியும். மொய் நோட்டு எழுதினவனே நான்தான். இப்ப அந்தப் பணம் எங்க இருக்குன்னு கேட்டா மட்டும் நீங்க மாட்டுத் தொழுவத்தப் பார்க்கிறீங்க. சரி, கேக்கல. டிராக்டருக்குப் புது டயர் ஏறியிருக்குன்னு கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான்.

மிச்சம் கிடக்கிற பதினாலாயிரத்தையாவது பிள்ளை பேருல பேங்குல போட்டு வைக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சே, நல்லா இருங்க. ஆனா "அவ பேருல இருக்கட்டும் மாமா, என் கையில ஓடட்டும்"னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் நான் வெத்திலையத் துப்பிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருபது வருசம் நம்மூரு கிளைத் தபால் ஆபீசுல உட்கார்ந்து பிள்ளைங்க பாஸ்புக்குக்கு முத்திரை குத்தினவன் நான். பிள்ளை பேருல போட்டு அப்பன் கையால எடுத்த கதை எனக்கு எத்தனையோ தெரியும். எல்லாக் கதையும் "அப்புறமா போட்டுரலாம்"னுதான் ஆரம்பிக்கும்.

முதல்ல ஒண்ணத் தெரிஞ்சுக்கோங்க. பிறந்து தொட்டில்ல கிடக்கிற பிள்ளைக்கும் சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்கலாம். கையெழுத்துப் போடத் தெரியாதே, அதனால கார்டியன் போடணும். யாரு கார்டியன்? அப்பா, இல்லேன்னா அம்மா, அதுவும் இல்லேன்னா கோர்ட் நியமிச்ச ஆளு. தாத்தா ஆக முடியாது. உங்க அப்பா போன மாசம் கோமணத்துல முடிஞ்சு வச்ச காசோட பேங்குக்குப் போய், பேத்திக்கு நானே கணக்குத் திறக்கிறேன்னு நின்னாராம்ல? பேங்க்காரன் கும்பிட்டு அனுப்பிட்டான். அவன் மேல தப்பில்ல. நம்ம இந்துச் சட்டப்படி அப்பா அம்மா உயிரோட இருக்கையில தாத்தா பாட்டி இயற்கைக் கார்டியன் கிடையாது. கணக்குல பணம் கட்டலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. எடுக்கத்தான் முடியாது. வீட்டுல இன்னொருத்தருக்கும் சேர்த்து அந்த விதியைக் கொஞ்சம் அகலமாப் போட்டிருக்கலாமேன்னு தோணுது எனக்கு. யாருக்குன்னு சொல்ல மாட்டேன்.

அம்மா கையெழுத்துச் செல்லாது, அப்பாதான் வரணும்னு எவனாவது கவுண்டர்ல சொன்னா நம்பிறாதீங்க. அம்மாவையே கார்டியனா வச்சு மைனர் கணக்குத் திறக்கலாம்னு ரிசர்வ் பேங்க் 1976லேயே பேங்குகளுக்குச் சொல்லிட்டுது. ஆனா அதே ரிசர்வ் பேங்க் பண்ணின வேடிக்கையக் கேளுங்க. 1984ல கீதா ஹரிஹரன்னு ஒரு எழுத்தாளர் அம்மா, தன் மகன் பேருல ரிசர்வ் பேங்க்கோட பாண்டு வாங்க மனுப் போட்டாங்க. கார்டியன்னு அவங்களே கையெழுத்துப் போட்டாங்க. அப்பா கையெழுத்தோட வான்னு மனு திரும்பி வந்துருச்சு. அந்தம்மா சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனாங்க. 1999 பிப்ரவரியில தீர்ப்பு வந்துச்சு. சட்டத்துல அப்பா, அவருக்குப் பின்னால அம்மான்னு எழுதியிருக்கிறதுக்கு, அப்பா செத்த பின்னாலன்னு அர்த்தம் இல்ல, அவர் பொறுப்புல இல்லாதப்ப அம்மாதான்னு கோர்ட் சொல்லிட்டுது. அதனால எங்க தங்கச்சி மருமக, அதான் உங்க வீட்டுக்காரி, பேங்குக்குப் போனா வாசல்ல நிறுத்த முடியாது. உங்களுக்கு இது இடிச்சா, மோரு குடிங்க.

இப்ப பாப்பா விசயத்துக்கு வருவோம். அவ பிறந்தது 2015 ஆகஸ்ட் 12. பத்து வயசு 2025 ஆகஸ்டுலயே முடிஞ்சு போச்சு. பத்து முடிஞ்ச பிள்ளை, அப்பன் ஆத்தா கையெழுத்து இல்லாம, தானே கணக்குத் திறந்து தானே பணம் போட்டு எடுக்கலாம். என்ன, முழி பிதுங்குது? நான் சொல்லல மாப்ளே, ரிசர்வ் பேங்க் சொல்லுது. 2014லயே சொன்னாங்க, 2025 ஏப்ரல் 21ஆம் தேதி பழைய உத்தரவை எல்லாம் திரட்டி மறுபடியும் சொன்னாங்க, ஜூலை 1க்குள்ள எல்லா பேங்கும் தன் விதியைத் திருத்திக்கணும்னும் சொன்னாங்க. அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பத்துக்குக் குறையாம ஒரு வயசை பேங்க் தானே வச்சுக்கலாம். எவ்வளவு பணம் வரைக்கும், என்ன நிபந்தனைன்னும் அதுவே தீர்மானிச்சுக்கலாம். அதனால ஒரு பேங்குல பத்துன்னு இருக்கும், இன்னொண்ணுல வேற இருந்தாலும் சண்டைக்குப் போக முடியாது. போறதுக்கு முன்னாடி கேட்டுட்டுப் போகணும்.

ஸ்டேட் பேங்க்ல இதுக்கு ரெண்டு கணக்கு வச்சிருக்கான், ரெண்டுக்கும் இந்திப் பேரு. 'பெஹலா கதம்'னு ஒண்ணு, எந்த வயசுப் பிள்ளைக்கும், பெத்தவங்களோட சேர்ந்து. 'பெஹலி உடான்'னு இன்னொண்ணு, பத்து வயசு தாண்டி ஒரே மாதிரி கையெழுத்துப் போடத் தெரிஞ்ச பிள்ளைக்கு, தனியா. நீங்க போய் வாயத் திறக்காம நின்னா முதல் கணக்குப் பாரத்தைத்தான் நீட்டுவாங்க, ஏன்னா அப்பன் கூட வந்தா அப்பன் கணக்குன்னுதான் அவங்களுக்குத் தோணும். பிள்ளை தனியா நடத்துற கணக்கு வேணும்னு வாயத் திறந்து கேக்கணும். சின்னதுல நீங்க கார்டியனா இருந்து திறந்த கணக்கு, பத்து முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி தானா அவ கைக்கு மாறிராது. அதுவும் கேட்டாத்தான்.

அந்த 'ஒரே மாதிரி கையெழுத்து' விசயத்துல ஏமாந்துறாதீங்க. பாப்பா நோட்டுல நான் பார்த்தேன். தமிழ்ல ஒரு கையெழுத்து, இங்கிலீசுல ஒரு கையெழுத்து, இனிசியலை ஒரு நாள் முன்னால போடுறா, ஒரு நாள் பின்னால போடுறா, கடைசி எழுத்துக்கு அடியில ஒரு பூ வேற. பாரத்துல பூவோட போட்டா, பணம் எடுக்கிறப்பவும் பூ வேணும் மாப்ளே. கவுண்டர்ல இருக்கிறவரு கம்ப்யூட்டர்ல இருக்கிற மாதிரிக் கையெழுத்தைப் பெருசாக்கி வச்சுப் பார்ப்பாரு. பொருந்தலேன்னா சீட்டு திரும்பி வரும். ஒரு வாரம் பழைய நோட்டுல போடச் சொல்லுங்க. பேர முழுசா எழுதினாலே போதும், கிறுக்கினாத்தான் கையெழுத்துன்னு எவனும் சொல்லல. எட்டாவது படிக்கையில நீங்க பழகின கையெழுத்து இப்ப உங்களுக்கே வராதுங்கிறது பத்திரப்பதிவு அன்னைக்கு ஊரே பார்த்தது.

காகிதம் என்னென்ன? பிறப்புச் சான்றிதழ், பிள்ளையோட ஆதார், ரெண்டு போட்டோ. கார்டியன் கணக்குன்னா உங்க ஆதாரும் பான் கார்டும் சேரும். பிள்ளைக்குப் பான் இல்லேன்னா அதுக்குன்னு இருக்கிற பாரத்தை எழுதித் தரணும். பிறப்புச் சான்றிதழை இன்னைக்கே எடுத்து விரிச்சுப் பாருங்க. நம்ம பக்கம் பாதி சான்றிதழ்ல பேரு இருக்கிற கட்டம் காலியா இருக்கும். பெண் குழந்தை, தகப்பன் பேரு, தாய் பேரு, முடிஞ்சு போச்சு. பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே பதிஞ்சிட்டு, அப்புறம் எவனும் போய் ஏத்தியிருக்க மாட்டான். பிறப்புப் பதிஞ்ச ஆபீசுல கட்டணம் கட்டி ஏத்திக்கலாம், பதினஞ்சு வருசத்துக்குள்ள. ஆதாருல பிள்ளை பேரு மட்டும், பள்ளிக்கூடத்துல இனிசியலோட, சான்றிதழ்ல வேற எழுத்துன்னு இருந்தா பேங்குல இழுக்கும். அஞ்சு வயசுக்குள்ள எடுத்த ஆதாருன்னா விரல் ரேகை இருக்காது. அஞ்சுலயும் பதினஞ்சுலயும் ரேகை புதுப்பிக்கணும். பாப்பாவுக்கு அஞ்சுல பண்ணினீங்களான்னு கேட்டா நீங்க மறுபடியும் தொழுவத்தப் பார்ப்பீங்க.

சரி, கணக்கு திறந்தாச்சுன்னு வைங்க. பதினாலாயிரம் உள்ள போயாச்சு. பாப்பாவுக்குப் பூப்பந்து மட்டை வேணும், அறுநூறு ரூபாய். என்ன பண்ணணும்? பாஸ்புக்கை எடுத்துக்கிட்டு அவளே போகணும். பணம் எடுக்கிற சீட்டுல தேதி, கணக்கு நம்பர், தொகையை எண்ணாலயும் எழுத்தாலயும் எழுதணும், முன்னால ஒரு கையெழுத்து, பின்னால ஒரு கையெழுத்து. நீங்க கூடப் போங்க, பைக்கை நிழல்ல போட்டுட்டு வெளியில நில்லுங்க. அவ 'அறுநூறு'க்குச் சின்ன ரவா பெரிய றவான்னு அங்க நின்னு யோசிப்பா. யோசிக்கட்டும். நீங்க எழுதிக் குடுத்துட்டா, அடுத்த தடவையும் நீங்கதான் எழுதுவீங்க, அதுக்கடுத்த தடவை டயரு.

"பத்து வயசுப் பிள்ளை கையில பதினாலாயிரமா, அழிச்சிர மாட்டாளா?"ன்னு கேக்கிறீங்க. இருபத்தெட்டு வயசுல உங்க கையில ஒண்ணரை லட்சம் குடுத்தோமே, அப்ப எவனும் இப்படிக் கேக்கல. அவளுக்குக் கடிவாளம் பேங்கே போட்டு வச்சிருக்கான். கணக்குல இருக்கிற பணத்துக்கு மேல ஒரு ரூபாய் எடுக்க முடியாது. மைனர் கணக்கு எந்நாளும் வரவுலதான் நிக்கணும்னு ரிசர்வ் பேங்க் கட்டளை. அதுக்குக் காரணம் பேங்குக்குப் பிள்ளை மேல பாசம் இல்ல மாப்ளே. மைனர் எழுதிக் குடுத்த கடன் சீட்டு செல்லவே செல்லாதுன்னு 1903லயே லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிட்டுது. கல்கத்தாவுல ஒரு மைனர் பையன் தன் வீட்டை அடமானம் எழுதிக் குடுத்து ஒரு வட்டிக்காரர்கிட்டப் பணம் வாங்கினான். அடமானம் செல்லாதுன்னு ஆச்சு, குடுத்த பணத்தையும் திருப்பி வாங்க முடியல. அந்த மோஹரி பீபி வழக்கு நெனப்புல இருக்கிற வரைக்கும் எந்த பேங்கும் பிள்ளைக்குக் கடன் குடுக்காது.

ஏடிஎம் கார்டு, செக் புக், போன்ல பணம் அனுப்புறது, இதெல்லாம் குடுக்கலாமா வேணாமான்னு பேங்க் தன் இஷ்டத்துக்கு முடிவு பண்ணிக்கலாம். குடுத்தாலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு சின்ன வரம்பு இருக்கும். கார்டு இப்ப வேணாம்னுதான் நான் சொல்லுவேன். சீட்டு எழுதி எடுக்கிறப்ப பிள்ளைக்குத் தொகை கண்ணுல படும், கார்டுல படாது. ஆனா உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எவனாவது டவுன்காரன் வந்து, பாப்பா கணக்குல ஒரு தொகை வரும், நீங்க எடுத்துக் குடுங்க, ஆயிரம் ரூபாய் தரேன்னு சொன்னா, செருப்பை எடுங்க. அது ஊரை ஏமாத்தின பணம். போலீஸ் கணக்கை முடக்கிரும், பிள்ளை பேரு வழக்குல ஏறும். இதை உங்களுக்குத் தனியாச் சொல்றேன்னா, ஆயிரம் ரூபாய்னா உங்க காது எப்படி நிமிரும்னு எனக்குத் தெரியும்.

தபால் ஆபீசை மறந்துட்டுப் பேசுறேன்னு நினைக்காதீங்க. அங்கயும் அதே கதைதான்: பத்து வயசு வரைக்கும் கார்டியன், பத்துக்கு மேல பிள்ளை தன் பேருலயே. ஐநூறு ரூபாய் போட்டுத் திறக்கணும், ஐநூறு கணக்குல எப்பவும் இருக்கணும். வருசக் கடைசியில ஐநூறுக்குக் குறைஞ்சா அம்பது ரூபாய் பிடிச்சுக்குவாங்க. வட்டி நாலு பெர்சன்ட். ஸ்டேட் பேங்க்ல 2025 ஜூன்ல ரெண்டரைக்கு இறக்கிட்டான். ஆனா தபால் ஆபீசுல வட்டி போடுறதுக்கு ஒரு கணக்கு இருக்கு, அது தெரியாம நிறையப் பேரு ஏமாறுவாங்க. மாசம் பத்தாம் தேதியிலிருந்து கடைசி நாள் வரைக்கும் கணக்குல எது குறைஞ்ச தொகையோ, அதுக்குத்தான் அந்த மாச வட்டி. பதினோராம் தேதி நீங்க பத்தாயிரத்தைக் கொண்டுபோய்க் கட்டினா, அந்த மாசத்துக்கு அதுக்கு வட்டி கிடையாது. முப்பத்துமூணு ரூபாய் போச்சு. பேங்குல அப்படி இல்ல, தினசரி இருப்புக்கு வட்டி போடுறான். நீங்க எந்த வேலையையும் பத்தாம் தேதிக்குள்ள முடிச்சதா சரித்திரம் இல்ல, அதனால உங்களுக்கு பேங்கு சரிப்படும்.

பள்ளிக்கூடத்து உதவித்தொகை வர்றதுக்கும் இந்தக் கணக்குதான். எட்டாவதுல பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினா, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் வருசம் பன்னிரண்டாயிரம் வருதே, அது மாதிரி. ஆதார் மூலமா வர்ற பணம், எந்தக் கணக்குல கடைசியா ஆதாரை இணைச்சீங்களோ அங்கதான் போகும். பழசுக்கு வரும்னு பழைய பாஸ்புக்கை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, பணம் புதுக் கணக்குல தூங்கும். ரெண்டு கணக்கு வச்சா ரெண்டுலயும் ஆதாரை இணைச்சு வைக்கணும்னு அவசரப்படாதீங்க. எதுல வரணும்னு முடிவு பண்ணிட்டு அதுல இணைங்க.

வருமான வரி பத்திக் கேட்டீங்க. பிள்ளை கணக்குல வர்ற வட்டி, அப்பன் ஆத்தா ரெண்டு பேருல யாருக்கு வருமானம் கூடவோ, அவங்க வருமானத்தோட சேரும். பிள்ளை தன் திறமையால சம்பாதிச்சது தனி. வரியில இருந்து தப்பிக்கப் பிள்ளை பேருல போடுற தந்திரம் உங்களுக்கு முன்னாடியே சட்டம் எழுதினவனுக்குத் தோணிருச்சு. வரி கட்டுற அளவுக்கு உங்களுக்கு வருமானம் வந்தா வாங்க, அப்ப பேசிக்கலாம்.

கடைசியா, பதினெட்டு. இங்கதான் எல்லாரும் இடறுறாங்க. பாப்பாவுக்கு 2033 ஆகஸ்ட் 12 அன்னைக்கு மேஜர். அன்னைக்குக் காலையிலேயே பேங்க் கம்ப்யூட்டருக்கு அது தெரியும். நீங்க கேக்கு வெட்டினீங்களான்னு அது பார்க்காது. கார்டியன் நடத்தின கணக்குன்னா அன்னையிலிருந்து கார்டியன் கையெழுத்துக்கு மதிப்பில்ல. கணக்குக்குச் சொந்தக்காரர் நேர்ல வந்து புதுக் கையெழுத்துக் குடுக்கணும், எப்படி நடத்தப் போறேன்னு எழுதிக் குடுக்கணும், இருக்கிற இருப்பு சரிதான்னு ஒத்துக்கணும், ஆதார் பான் எல்லாம் புதுசா வைக்கணும். தபால் ஆபீசுலயும் புதுப் பாரமும் காகிதமும் குடுக்கணும். அவ தானே நடத்தின கணக்கா இருந்தாலும் புதுக் கையெழுத்து உண்டு. மைனரா இருக்கையில வாங்கின பான் கார்டுல போட்டோவும் இருக்காது, கையெழுத்தும் இருக்காது. அதை மாத்திப் புதுசு வாங்க நாளாகும்.

கீழத்தெருவுல ஒருத்தர் மகன் பேருல இருந்த கணக்குல கல்லூரிக் கட்டணத்துக்குன்னு எண்பதாயிரம் சேர்த்து வச்சிருந்தாரு. பணம் எடுக்கப் போன அன்னைக்குப் பையனுக்குப் பதினெட்டு தாண்டி மூணு வாரம். சீட்டுல அப்பா கையெழுத்து, கவுண்டர்ல தலையாட்டுறாங்க. பையன் கோயம்புத்தூர் விடுதியில. அவன் வந்து கையெழுத்துப் போட்டு, காகிதம் குடுத்து, அது ஏறி முடியிறதுக்குள்ள கட்டணத்துக்குக் கடைசி நாள் போயிருச்சு, அபராதத்தோட கட்டினாங்க. பதினெட்டு நெருங்குற பிள்ளைங்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லணும்னு பேங்குக்கு உத்தரவு இருக்கு. ஆனா அந்தத் தகவல் கணக்குல இருக்கிற போன் நம்பருக்குத்தான் வரும், அது உங்க பழைய நம்பரா இருக்கக் கூடாது. நீங்க வருசத்துக்கு ஒரு சிம்மு மாத்துற ஆளு.

உங்க மனசுல ஓடுறது எனக்குத் தெரியுது. இவ்வளவு வில்லங்கத்துக்குப் பேசாம கார்டியனாவே இருந்து, நம்ம கையிலயே வச்சுக்கலாமேன்னு. இருங்க, சட்டத்துல தப்பில்ல. ஆனா கார்டியன்ங்கிறவன் கோயில் சொத்துக்குத் தர்மகர்த்தா மாதிரி. பிள்ளையோட நன்மைக்குத்தான் எடுக்கிறேன்னு பேங்குல எழுதி வாங்குவாங்க, சட்டமும் அதையேதான் சொல்லுது. டிராக்டர் டயர் எந்தப் பிள்ளையோட நன்மைன்னு பின்னால அவ கேட்டா, நான் சாட்சிக்கு வர மாட்டேன். மொய் நோட்டு மட்டும் எங்கிட்ட இருக்கு.

என் தீர்ப்பு இதுதான். அவ பேருலயே, அவ தனியா நடத்துற கணக்கா திறங்க. கார்டு வேணாம், பாஸ்புக் போதும். திங்கக்கிழமை பள்ளிக்கூடம் லீவுதான். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்துக்கிட்டு அவளைக் கூட்டிப் போங்க. போட்டோ எடுக்கையில சட்டையை மாத்திக் கூட்டிட்டுப் போங்க, பதினெட்டு வயசு வரைக்கும் அந்த மூஞ்சிதான் பாஸ்புக்குல இருக்கும். அப்புறம், டயருக்கு எடுத்த பணம் எவ்வளவோ, அதையும் அன்னைக்கே கட்டிருங்க. செலான்ல 'பணம் செலுத்துபவர்' கட்டத்துல உங்க பேரை எழுதலாம், அதுக்கு எந்தச் சட்டமும் தடை இல்ல.